முட்டைக்குள் தெரியும் நிழல்கள்

கோழி முட்டையின் ஓடு பார்வைக்குக் கல் போல இருந்தாலும் ஒளியை முழுவதும் தடுப்பதில்லை. இருட்டான அறையில் ஒரு டார்ச்சின் வாயோடு முட்டையை ஒட்டிப் பிடித்தால், முட்டை முழுவதும் இளஞ்சிவப்பாகவோ ஆரஞ்சு நிறமாகவோ ஒளிரும். அந்த ஒளியில் வெள்ளைக்கரு தெளிவாகவும், மஞ்சள்கரு மங்கிய நிழலாகவும், அகன்ற முனையில் இருக்கும் காற்றறை வெளிறிய தொப்பியாகவும் தெரியும். அடை வைத்த முட்டையாக இருந்தால் ரத்தநாளங்களும் வளரும் கருவும் தெரியும். மின்விளக்கு வருவதற்கு முன்பு மெழுகுவர்த்தியின் சுடருக்கு எதிரில் பிடித்துப் பார்த்தார்கள். உள்ளங்கையைக் குழல் போல மடித்து, அதன் ஒரு வாயில் முட்டையை வைத்து வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்க்கும் வழக்கமும் இருந்தது. இன்று கைபேசியின் டார்ச்சே போதும்.

கருவி எளியது என்றாலும் பார்க்கும் முறை சரியாக இருக்க வேண்டும். டார்ச்சின் ஒளி முட்டையைச் சுற்றி வழிந்து கண்ணில் பட்டால் உள்ளே எதுவும் தெரியாது. அதனால் தடித்த அட்டை ஒன்றில் முட்டையின் அகலத்தைவிடச் சிறிய வட்டத் துளை வெட்டி, அதை டார்ச்சின் முகத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். 3 சென்டிமீட்டர் குறுக்களவு கோழி முட்டைக்குப் பொருந்தும். அறையின் விளக்குகளை அணைத்துவிட்டு, முட்டையின் அகன்ற முனையைத் துளையின் மேல் சற்றே சாய்த்து வைக்க வேண்டும். பிறகு விரல்களால் முட்டையை அதன் அச்சில் சட்டென்று அரைச் சுற்றுச் சுற்றி நிறுத்த வேண்டும். இந்தச் சுழற்சிதான் முக்கியம். அசையாத முட்டையில் தெரியும் கறுப்பு, ஓட்டில் உள்ள கறையாகவும் இருக்கலாம், உள்ளே உள்ள பொருளாகவும் இருக்கலாம். சுற்றி நிறுத்தும்போது ஓட்டின் கறை ஓட்டோடு நின்றுவிடும். உள்ளே இருப்பது சற்றுப் பின்தங்கி நகரும். எது நகர்கிறது, எவ்வளவு எளிதாக நகர்கிறது என்பதைக் கவனிப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

டார்ச் எல்.இ.டி. வகையாக இருப்பது நல்லது. பழைய இழை பல்புகள் முட்டையைச் சூடாக்கும். வெள்ளை ஓடு எளிதில் ஒளியை விடும். பழுப்பு ஓட்டில் உள்ள நிறமி ஒளியின் பெரும்பகுதியை விழுங்கிவிடுவதால் கூடுதல் வெளிச்சம் தேவைப்படும். காடை முட்டையில் புள்ளிகள் அடர்ந்திருப்பதால் நிழல்களைப் பிரித்தறிவது அனுபவசாலிகளுக்கும் கடினம்.

புதுமையைச் சொல்லும் முதல் அடையாளம் காற்றறை. முட்டை இடப்படும்போது அதன் வெப்பம் கோழியின் உடல் வெப்பமான ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். அப்போது ஓட்டுக்குள் வெற்றிடம் எதுவும் கிடையாது. வெளியே வந்து குளிரும்போது உள்ளிருக்கும் திரவம் சுருங்கும். ஓட்டின் உட்புறம் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் இரண்டு மெல்லிய சவ்வுகள் அகன்ற முனையில் பிரிந்து, அந்த இடைவெளியில் வெளிக்காற்று புகும். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே நீர் ஆவியாக வெளியேறிக்கொண்டே இருப்பதால் காற்றறையும் நாளுக்கு நாள் பெரிதாகிறது. டார்ச் ஒளியில் அதன் விளிம்பு ஒரு கோடாகத் தெரியும். பென்சிலால் அந்தக் கோட்டை ஓட்டின் மேல் வரைந்து, முட்டையின் உச்சியிலிருந்து கோடு வரை உள்ள ஆழத்தை அளவுகோலால் அளக்கலாம். அமெரிக்கத் தர விதிகளில் முதல் தர முட்டைக்கு இந்த ஆழம் சுமார் 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், அடுத்த தரத்துக்குச் சுமார் 5 மில்லிமீட்டருக்குள். ஐரோப்பிய ஒன்றியம் தன் 'ஏ' தர முட்டைக்கு 6 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறது.

காற்றறையை வைத்து முட்டைக்கு இத்தனை நாள் வயது என்று தேதி குறிக்க முடியாது. நீர் எவ்வளவு போயிருக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. குளிர்சாதனப் பெட்டியில் வாரக்கணக்கில் இருந்த முட்டையைவிட, சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் ஒரு வாரம் கிடந்த முட்டையின் காற்றறை பெரிதாக இருக்கலாம். சமையலுக்கு வாங்குபவருக்குத் தேவையானதும் இந்தத் தகவல்தான். முட்டை எத்தனை நாளானது என்பதைவிட எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதே அதன் தரத்தைத் தீர்மானிக்கிறது.

இரண்டாவது அடையாளம் மஞ்சள்கருவின் நிழல். புதிய முட்டையில் கெட்டியான வெள்ளைக்கரு மஞ்சள்கருவைச் சுற்றி அணைத்து நடுவில் நிறுத்துகிறது. இரு முனைகளிலும் உள்ள முறுக்கிய வெள்ளை இழைகளும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. மஞ்சள்கரு ஓட்டை விட்டுத் தள்ளி நடுவில் இருப்பதால் அதன் நிழலுக்குத் தெளிவான விளிம்பு இருக்காது. முட்டையைச் சுற்றினால் அந்த மங்கல் கொஞ்சம் அசைந்துவிட்டுப் பழைய இடத்திலேயே நிற்கும். நாளாக ஆகக் கரியமில வாயு நுண்துளைகள் வழியே வெளியேற, வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடுகிறது. கெட்டியான பகுதி இளகித் தண்ணீராகிறது. மஞ்சள்கரு அந்த நீரில் ஒரு பங்கை உறிஞ்சி உப்பி, மேல்நோக்கி மிதந்து ஓட்டை நெருங்குகிறது. டார்ச்சில் பார்த்தால் விளிம்பு தெளிந்த கருநிழல் தெரியும், சுற்றியவுடன் அது தாராளமாக ஓடும். அப்படிப்பட்ட முட்டையை வாணலியில் உடைத்து ஊற்றினால் வெள்ளைக்கரு பரவி ஓடும், மஞ்சள்கரு சப்பையாக உட்காரும், சில சமயம் உடையவும் செய்யும். அது கெட்டுவிட்டது என்று பொருளல்ல. ஆஃப்பாயிலுக்கு உகந்ததல்ல, அவ்வளவே. அவித்து உரிக்க இந்த முட்டைதான் நல்லது, புதிய முட்டையின் ஓடு உரியாமல் தொல்லை கொடுக்கும்.

வேறு சில நிழல்கள் பயமுறுத்தும். மஞ்சள்கருவோடு சேர்ந்து நகரும் சிறிய சிவப்பு அல்லது கறுப்புப் புள்ளி பெரும்பாலும் ரத்தப்புள்ளி. மஞ்சள்கரு கோழியின் சினைப்பையிலிருந்து விடுபடும்போது நுண்ணிய ரத்தக்குழாய் ஒன்று அறுந்தால் அந்தத் துளி ரத்தம் ஒட்டிக்கொள்கிறது. முட்டைக்குள் குஞ்சு உருவாகத் தொடங்கிவிட்டது என்று இதைப் பார்த்துப் பலர் தூக்கி எறிகிறார்கள். நாமக்கல் பண்ணைகளிலிருந்து கடைக்கு வரும் முட்டைகளுக்கு இது பொருந்தவே பொருந்தாது. அங்கே கூண்டுகளில் பெட்டைகள் மட்டுமே வளர்கின்றன, சேவல் கிடையாது. அந்த முட்டையில் கரு கூடவே வழியில்லை. புள்ளியைக் கரண்டியால் எடுத்துவிட்டு நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம்.

ஓட்டில் திட்டுத்திட்டாக வெளிச்சமும் இருளும் தெரிவதும் அநேகமாகத் தீங்கற்றது. ஓட்டுக்குள் ஈரம் சீராகப் பரவாததால் அப்படித் தோன்றும். ஆனால் மெல்லிய, ஒளிரும் கோடு தெரிந்தால் அது விரிசல். வெறும் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கூட டார்ச்சில் மின்னல் கீற்றாகத் தெரியும். அந்த முட்டையை அன்றைக்கே சமைத்துவிட வேண்டும், அடைக்கு ஒருபோதும் வைக்கக் கூடாது. உள்ளே ஒளியே புகாமல் முழுவதும் கறுத்திருந்து, அடை வைக்காத முட்டையாகவும் இருந்தால் அது அழுகியது. இதற்கு ஒரு வரம்பும் உண்டு. அழுகலின் எல்லா வகைகளும் தொடக்கத்திலேயே கறுப்பாகத் தெரிவதில்லை. வெள்ளைக்கருவைப் பச்சையாக்கும் ஒருவகை பாக்டீரியா அழுகல் டார்ச்சின் கண்ணுக்குத் தப்பிவிடும். சால்மோனெல்லா கிருமி இருந்தால் எந்த வெளிச்சத்திலும் தெரியாது.

அடை வைப்பவர்களின் முதல் கேள்வி, முட்டையில் கரு கூடியிருக்கிறதா என்பது. இதற்கு டார்ச் தரும் பதில் ஏமாற்றமானது. அடை வைப்பதற்கு முன்பு, கரு கூடிய முட்டையையும் கூடாத முட்டையையும் வெளிச்சத்தில் பார்த்துப் பிரிக்க முடியாது. முட்டை இடப்படும்போதே கருவில் பல்லாயிரம் செல்கள் இருந்தாலும், அவை மஞ்சள்கருவின் மேல் 3, 4 மில்லிமீட்டர் அகலமுள்ள வெளிறிய வட்டமாகவே இருக்கின்றன. அந்த வட்டம் எந்த நிழலையும் வீழ்த்துவதில்லை. உடைத்துப் பார்த்தால் மட்டுமே தெரியும். கரு கூடியதில் நடுவே தெளிவும் சுற்றிலும் வெள்ளை வளையமுமாக ஒழுங்கான வட்டம் இருக்கும். கூடாததில் ஒழுங்கற்ற, அடர்ந்த வெள்ளைப் புள்ளி இருக்கும். ஆகவே அடை வைப்பதற்கு முன் டார்ச் பார்ப்பது விரிசலையும், கலைந்த காற்றறையையும், மிகப் பழைய முட்டையையும் ஒதுக்குவதற்காக மட்டும்தான். வண்டியில் குலுங்கி வந்த முட்டையில் காற்றறை இடம் மாறி, குமிழியாக அங்குமிங்கும் ஓடினால் அகன்ற முனை மேலே இருக்கும்படி ஒரு நாள் நிறுத்திவைத்துப் பிறகு அடை வைக்க வேண்டும்.

கோழியின் கீழோ, ஏறத்தாழ 37.5 டிகிரி வெப்பமுள்ள இன்குபேட்டரிலோ வைத்த பிறகுதான் கதை தொடங்குகிறது. இரண்டாம் நாளின் முடிவுக்குள் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. மூன்றாம், நான்காம் நாளில் மஞ்சள்கருவின் மேல் ரத்தநாளங்கள் பரவுகின்றன. வெள்ளை ஓட்டில் நான்காம் நாளே கூர்ந்து பார்த்தால் தெரியும். ஆனாலும் ஏழாம் நாள் பார்ப்பதே நல்லது. அப்போது உயிருள்ள முட்டையில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து எல்லாப் பக்கமும் பிரியும் சிவப்பு இழைகளும் ஒரு சிலந்தி கால் விரித்ததுபோலத் தெரியும். கரும்புள்ளி குஞ்சின் கண். சில நொடிகள் அசையாமல் பிடித்திருந்தால் அந்தப் புள்ளி தானாகவே ஊசலாடும். கையின் அசைவுக்குத் தொடர்பில்லாத அந்த ஆட்டம் உயிர் இருப்பதற்கான உறுதியான அடையாளம்.

ஏழாம் நாளில் வேறு இரண்டு தோற்றங்களும் கிடைக்கும். ஒன்று, நாளமும் புள்ளியும் இல்லாமல் முதல் நாள் போலவே தெளிவாக ஒளிரும் முட்டை. மற்றொன்று, உள்ளே ரத்தச் சிவப்பில் ஒரு வளையம் உள்ள முட்டை. வளர்ச்சி தொடங்கிச் சில நாட்களில் கரு இறந்துவிட்டால், நாளங்களில் இருந்த ரத்தம் விளிம்பில் உள்ள வட்ட நாளத்தில் தேங்கி அந்த வளையமாகிறது. அது இறந்த கரு, சந்தேகமே வேண்டாம். தெளிவாக ஒளிரும் முட்டையைப் பற்றித்தான் பெரும்பாலோர் தவறாக முடிவு செய்கிறார்கள். கரு கூடவில்லை, சேவல் சரியில்லை என்று சேவலை மாற்றிவிடுவார்கள். கரு கூடி, முதல் இரண்டு நாளிலேயே இறந்த முட்டையும் வெளிச்சத்தில் அதே தெளிவோடுதான் ஒளிரும்.

இதை ஒரு எடுத்துக்காட்டால் விளக்கலாம். நாட்டுக்கோழி வளர்ப்பவர் ஒருவர் சித்திரையில் 12 நாளாக, நாளுக்கு ஒன்றாகச் சேர்த்த 12 முட்டைகளை ஒரே நாளில் அடை வைக்கிறார் என்று கொள்வோம். ஒவ்வொன்றிலும் இட்ட தேதியைப் பென்சிலால் எழுதியிருக்கிறார். ஏழாம் நாள் இரவு, அடைக்கோழி அடங்கியிருக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாக எடுத்து டார்ச்சில் பார்க்கிறார். 7 முட்டைகளில் சிலந்தி தெரிகிறது. 2 முட்டைகளில் ரத்த வளையம். 3 முட்டைகள் தெளிவாக இருக்கின்றன. தேதியைப் பார்த்தால், வளையம் உள்ள இரண்டும் முதல் நான்கு நாட்களில் இட்டவை. தெளிவான மூன்றை அவர் ஒரு தட்டில் உடைத்துப் பார்க்கிறார். ஒன்றில் சிறிய, அடர்ந்த வெள்ளைப் புள்ளி மட்டும் இருக்கிறது, அது கரு கூடாதது. மற்ற இரண்டில் மஞ்சள்கருவின் மேல் ஒரு சென்டிமீட்டருக்கும் மேலாக வெளிறிய படலம் பரவியிருக்கிறது. அவை கரு கூடி, நாளம் உருவாகும் முன்பே இறந்தவை. அவற்றின் தேதிகளும் பழையவையே.

ஆக, 12 முட்டைகளில் 11 கரு கூடியவை. சேவல் மீது குற்றமில்லை. குற்றம் முட்டையைச் சேர்த்துவைத்த விதத்தில் இருக்கிறது. அடைக்கான முட்டையை 15 முதல் 18 டிகிரி குளிரில் ஒரு வாரத்துக்கு மேல் வைக்காமல் அடைக்கு வைக்க வேண்டும். கோடையில் வீட்டுக்குள்ளேயே 30 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, போதிய வெப்பம் கிடைக்காமல் தளர்ந்துவிடுகிறது. பிறகு அடை வைத்தாலும் சில நாளில் இறந்துபோகும். அந்த வளர்ப்பாளர் அடுத்த முறை கடைசி ஒரு வார முட்டைகளை மட்டும் எடுத்து, ஈரமணல் நிரப்பிய மண்பானையின் மேல் குளுமையான மூலையில் வைத்திருந்தால் போதும். தேதி எழுதாமல், உடைத்துப் பார்க்காமல், தெளிவான மூன்றையும் கூமுட்டை என்று வீசியிருந்தால் இந்தக் காரணம் அவருக்குப் பிடிபட்டிருக்காது. ஏழு நாள் சூட்டில் இருந்த முட்டை எதுவும் மனிதர் உண்ண ஏற்றதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எடுத்துப் பார்ப்பதால் குஞ்சுக்குக் கேடு வருமோ என்ற அச்சம் தேவையில்லை. அடைக்கோழியே நாள்தோறும் இரை தின்ன எழுந்து கால் மணி நேரமாவது வெளியே போகும். அதற்குள் எல்லா முட்டைகளையும் பார்த்துத் திரும்ப வைத்துவிடலாம். குலுக்காமல், அகன்ற முனை கீழே போகாமல் பிடித்தால் போதும்.

பதினான்காம் நாள் பார்வையில் படம் முற்றிலும் மாறியிருக்கும். முட்டையின் பெரும்பகுதி இருண்டிருக்கும். காற்றறையின் ஓரமாக ஓட்டை ஒட்டி நாளங்கள் தெளிவாக ஓடும். ஓட்டின் உட்புறம் முழுவதும் படர்ந்த சவ்வின் மூலம்தான் குஞ்சு அப்போது சுவாசிக்கிறது, அந்த நாளங்களே அதன் நுரையீரல் வேலையைச் செய்கின்றன. இருட்டு இருக்கிறது, நாளம் இல்லை, முட்டையைச் சாய்த்தால் உள்ளே கலங்கலாக ஏதோ தளும்புகிறது என்றால் குஞ்சு இறந்துவிட்டது. ஐயம் இருந்தால் பென்சிலால் குறியிட்டு, உயிருள்ள முட்டையோடு ஒப்பிட்டு, மூன்று நாள் கழித்து மறுபடியும் பார்ப்பதே முறை. அவசரத்தில் உயிருள்ள முட்டையை எறிந்துவிடுவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு. நாற்றம் வந்தாலோ, ஓட்டில் பிசின் போலக் கசிந்தாலோ காத்திருக்கக் கூடாது. அது வெடித்து மற்ற முட்டைகளில் கிருமியைத் தெறிக்கவிடும்.

பதினெட்டாம் நாளில் காற்றறை தவிர மீதி முழுவதும் கறுப்பு. இப்போது கவனிக்க வேண்டியது காற்றறையின் அளவு. 60 கிராம் எடையுள்ள முட்டை இந்நேரம் சுமார் 7 கிராம் இழந்திருக்க வேண்டும். காற்றறை முட்டையில் ஏறத்தாழக் கால் பங்குக்கு மேல் வந்திருக்கும். அது மிகச் சிறிதாக இருந்தால் இன்குபேட்டரில் ஈரப்பதம் அதிகம், குஞ்சு ஓட்டைக் கொத்தும் முன் திரவத்தில் மூச்சடைக்கும் ஆபத்து உண்டு. மிகப் பெரிதாக இருந்தால் ஈரப்பதம் குறைவு, குஞ்சு சவ்வில் ஒட்டிக்கொண்டு திரும்ப முடியாமல் தவிக்கும். இதே அளவை ஏழாம், பதினான்காம் நாளிலேயே பென்சில் கோடாக வரைந்து பார்த்தவர்களால் தண்ணீர்க் கிண்ணத்தைக் கூட்டியோ குறைத்தோ முன்கூட்டியே சரிசெய்ய முடியும்.

அதன் பிறகு முட்டைகளைத் திருப்புவதையும் டார்ச் பார்ப்பதையும் நிறுத்திவிட வேண்டும். ஏறத்தாழ இருபதாம் நாள் குஞ்சின் அலகு உட்சவ்வைக் கிழித்துக் காற்றறைக்குள் வருகிறது, முதல் மூச்சு அங்கேதான். இருபத்தோராம் நாள் ஓடு உடையும். வாத்து முட்டைக்கு 28 நாளும், காடைக்குச் சுமார் 17 நாளும் ஆவதால் பார்க்கும் நாட்களை அதற்கேற்ப முன்பின்னாக மாற்றிக்கொள்ள வேண்டும். கோழி முட்டையில் இருபத்து மூன்றாம் நாள் வரை பொரியாதது எதுவும் இருந்தால், எறிவதற்கு முன் கடைசியாக ஒருமுறை டார்ச்சில் பாருங்கள். காற்றறையின் வெளிச்சத்தில் அலகின் நிழல் அசைந்தால் அந்த முட்டைக்கு இன்னும் ஒரு நாள் கொடுங்கள்.